விரலிடுக்கா, விரல் மேலா? ஷூவுக்குள் ஒளிந்திருக்கும் இரண்டு தோல் நோய்கள்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத் தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் பேருந்தில் போகிறவர்கள் விடியற்காலையில் மாட்டும் ஷூவைப் பெரும்பாலும் வீடு திரும்பிய பிறகுதான் கழற்றுகிறார்கள். வங்கி வாசலில் நிற்கும் காவலாளி, சந்திப்பில் நிற்கும் போக்குவரத்துக் காவலர், உணவு விநியோகம் செய்யும் இளைஞர், பள்ளிப் பிள்ளைகள் என்று நாள் முழுக்க மூடிய ஷூவுக்குள் கால் வைத்திருப்பவர்கள் நம் ஊரில் ஏராளம். இவர்களில் பலருக்கு மாலையில் சாக்ஸைக் கழற்றியதும் காலில் அரிப்பு எடுக்கும், தோல் உரியும். "சேற்றுப்புண்தான்" என்று சொல்லி மருந்துக்கடையில் ஒரு ட்யூப் வாங்கித் தடவுவார்கள். அது பாதிப் பேருக்குச் சரியாகலாம். மீதிப் பேருக்கு மாதக்கணக்கில் ஆறாது. ஏனென்றால் ஷூ அணியும் காலில் தோல் உரிவதற்கு முற்றிலும் வேறான இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு உதவாது, சில வேளை கெடுதலும் செய்யும்.

ஒரே ஷூ, இரண்டு கால்கள்

ஒரே தொழிற்சாலையில் அருகருகே நின்று வேலை செய்யும் இருவரை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் நிறுவனம் கொடுத்தது ஒரே மாதிரி ஷூ. முன்பக்கம் இரும்புத் தொப்பி வைத்த, தோலால் ஆன, ரப்பர் அடிப்பாகம் கொண்ட பாதுகாப்பு ஷூ.

முதலாமவருக்கு வலது காலில் சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில்தான் தொந்தரவு ஆரம்பித்தது. அங்கே தோல் வெள்ளையாக ஊறி, விரலால் தேய்த்தால் திரிதிரியாக வந்தது. அடியில் பார்த்தால் கோடு போட்டது போல ஒரு வெடிப்பு. குளிக்கும்போது சோப்புத் தண்ணீர் பட்டால் எரிச்சல். சாக்ஸில் ஒரு கெட்ட வாடை. சில வாரங்களில் பக்கத்து இடுக்குக்கும் அது பரவியது. இடது கால் அப்போதும் நன்றாகவே இருந்தது.

இரண்டாமவருக்கு இரண்டு கால்களிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தொடங்கியது. கட்டைவிரலின் மேல்பக்கத்திலும் மற்ற விரல்களின் முதுகிலும் பொடிப்பொடியாகக் கொப்புளம் வந்து, கசிந்து, பிறகு தோல் தடித்துக் கறுத்துச் செதில் செதிலாக உரிந்தது. அரிப்பு தாங்க முடியவில்லை. ஆனால் விரல்களைப் பிரித்துப் பார்த்தால் இடுக்குகள் சுத்தமாக, வழக்கமான தோலோடு இருந்தன.

இருவரும் ஒரே கடைக்குப் போய், "ஷூ போட்டு போட்டுக் கால்ல அரிப்பு, தோல் உரியுதுண்ணே, ஏதாவது க்ரீம் குடுங்க" என்று ஒரே வார்த்தைகளைச் சொன்னால், இருவருக்கும் ஒரே ட்யூப்தான் கிடைக்கும். முதலாமவருக்கு வந்திருப்பது பூஞ்சைத் தொற்று. இரண்டாமவருக்கு வந்திருப்பது ஷூவில் உள்ள பொருளால் ஏற்பட்ட கரப்பான், அதாவது தோல் அழற்சி. இரண்டையும் பிரித்துக் காட்டும் முதல் தடயம் விரலிடுக்கில் இருக்கிறது.

பூஞ்சைக்கு அந்த இடுக்கு ஏன் பிடிக்கிறது?

விரலிடுக்கில் தோலை உரிய வைக்கும் பூஞ்சைகளில் முதன்மையானது டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம். நம் தோலின் மேலடுக்கு கெராட்டின் என்ற புரதத்தால் ஆனது. நகமும் முடியும் அதே புரதம்தான். இந்தப் பூஞ்சைக்கு அதுதான் உணவு. கெராட்டினைக் கரைக்கும் நொதிகளைச் சுரந்து, உயிரற்ற அந்த மேலடுக்கிலேயே அது வாழ்கிறது. பொதுவாக ஆழத்துக்குப் போவதில்லை.

அது வளர ஈரமும் வெதுவெதுப்பும் வேண்டும். சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் உள்ள இடுக்குதான் ஐந்து விரல்களின் இடுக்குகளிலேயே மிக நெருக்கமானது. முனை குறுகிய ஷூ அதை இன்னும் இறுக்கிவிடும். காலையில் சுரக்கும் வியர்வை மாலை வரை அங்கேயே நிற்கும். குளித்த பிறகு பாதத்தைத் துடைப்பவர்கள்கூட அந்த இடுக்கைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் இந்தத் தொற்று பெரும்பாலும் அங்கே தொடங்குகிறது.

இதில் அவ்வளவாகத் தெரியாத ஒரு கட்டம் உண்டு. அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் ஜேம்ஸ் லேடன், ஆல்பர்ட் கிளிக்மன் இருவரும் 1978இல் வெளியிட்ட ஆய்வு அதை விளக்கியது. பூஞ்சை தனியாக இருக்கும்போது இடுக்கில் உலர்ந்த செதில் மட்டுமே தெரியும், தொந்தரவு குறைவு. அதன்மேல் ஷூவும் வியர்வையும் சேர்ந்து ஈரம் தங்கினால், தோலில் ஏற்கனவே இருக்கும் பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. வெள்ளையாக ஊறுவது, வெடிப்பது, நாறுவது, எரிவது எல்லாம் பூஞ்சையும் பாக்டீரியாவும் சேர்ந்து செய்யும் வேலை. ஆகவே பூஞ்சை மருந்தை மட்டும் தடவிக்கொண்டு ஈரத்தை அப்படியே விட்டால் பாதி நோய்க்குத்தான் மருந்து போட்டதாகும்.

ஷூவே நோயாகும்போது

இரண்டாமவரின் காலில் எந்தக் கிருமியும் இல்லை. அங்கே நடப்பது ஷூவுக்கும் அவர் தோலுக்கும் இடையிலான மோதல். அது இரண்டு விதமாக வரலாம்.

முதல் விதம் எரிச்சலால் வருவது. வியர்வையில் நாள் முழுக்க நனைந்த தோல் தன் காப்புத் திறனை இழக்கிறது. அதன்மேல் ஷூவின் உட்புறம் உரசிக்கொண்டே இருந்தால் தோல் சிவந்து, காய்ந்து, வெடிக்கிறது. இது யாருக்கு வேண்டுமானாலும் வரலாம். பள்ளிப் பிள்ளைகளிடம் இதற்கு ஒரு தனி வடிவம் உண்டு. முன்பாதத்திலும் கட்டைவிரலின் அடியிலும் தோல் மெழுகு பூசியது போல மினுமினுத்து, வலியோடு வெடிக்கும். விரலிடுக்கு மட்டும் நன்றாக இருக்கும். இதையும் சேற்றுப்புண் என்று நினைத்துப் பூஞ்சை மருந்து தடவும் பெற்றோர் பலர்.

இரண்டாவது விதம் ஒவ்வாமையால் வருவது. ஷூவின் தோல், ரப்பர், பசை மூன்றிலும் இதற்கான பொருட்கள் உண்டு. இன்றைய ஷூத் தோலில் பெரும்பங்கு குரோமியம் உப்பால் பதனிடப்படுகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளிலும் இதுதான் பரவலான முறை. பதனிடப் பயன்படுவது அவ்வளவாகத் தொல்லை தராத மூவிணைதிற குரோமியம். அதில் ஒரு பகுதி ஆறிணைதிற வடிவத்துக்கு மாறிவிட்டால் அது வியர்வையில் கரைந்து தோலுக்குள் எளிதாகப் புகும். ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே மாதம் முதல், உடலில் படும் தோல் பொருட்களில் இந்த வடிவம் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு வைத்திருப்பது இதனால்தான். ரப்பரைக் கெட்டிப்படுத்தச் சேர்க்கும் மெர்காப்டோபென்சோதயசோல், தையூரம் போன்ற வேதிப்பொருட்களும், மேல்தோலையும் உள்துணியையும் ஒட்டும் பசையில் உள்ள ஒரு வகை ரெசினும் இதே வேலையைச் செய்யும்.

"மூணு வருஷமா இதே மாதிரி ஷூதான் போடறேன், இப்ப மட்டும் எப்படி ஒத்துக்காமப் போகும்?" என்று பலர் கேட்பார்கள். ஒவ்வாமை முதல் நாளே வர வேண்டியதில்லை. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் ஒரு பொருளை எதிரியாக அடையாளம் கண்டுகொள்ளப் பல ஆண்டுகள் ஆகலாம். ஒருமுறை அடையாளம் கண்டுவிட்டால் பெரும்பாலும் மறப்பதில்லை. அதன்பின் அந்தப் பொருள் பட்ட ஓரிரு நாளில் கரப்பான் திரும்ப வரும்.

இந்தக் கரப்பான் விரல்களின் மேல்பக்கத்தில் வருவதற்கும் காரணம் எளிது. ஷூவின் முன்தொப்பி அழுத்தி உரசும் இடம் அதுதான். விரலிடுக்கை ஷூவின் எந்தப் பாகமும் தொடுவதில்லை. அதனால் அது தப்பிவிடுகிறது.

கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வது

நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு விரலையும் பிரித்துப் பாருங்கள். இடுக்குக்குள், அதிலும் சுண்டுவிரல் பக்கத்தில், வெள்ளையாக ஊறி உரிந்திருந்தால் பூஞ்சையைச் சந்தேகிக்க வேண்டும். இடுக்கு சுத்தமாக இருந்து விரல்களின் முதுகிலோ முன்பாதத்திலோ தொந்தரவு இருந்தால் ஷூவைச் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்து இரண்டு கால்களையும் ஒப்பிடுங்கள். பூஞ்சை பெரும்பாலும் ஒரு காலில் தொடங்கும், இரண்டிலும் இருந்தாலும் அளவு வேறுபடும். ஷூவால் வருவது இரண்டு காலிலும் கண்ணாடியில் பார்த்தது போல ஒரே இடத்தில் இருக்கும். நம் நிறத் தோலில் அழற்சி பளிச்சென்று சிவப்பாகத் தெரியாது, கருஞ்சிவப்பாகவோ கருமையாகவோ தெரியும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பிறகு உடலின் மற்ற இடங்களைப் பாருங்கள். கால் நகம் மஞ்சளித்துத் தடித்து நொறுங்குகிறதா? தொடை இடுக்கில் படர்தாமரை வட்டம் இருக்கிறதா? இருந்தால் பூஞ்சை என்ற சந்தேகம் வலுக்கும். முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் சிறு வயது முதல் கரப்பான், அல்லது ஆஸ்துமா இருந்திருந்தால் மறுபக்கம் சாயும்.

விடுமுறையும் ஒரு சோதனைதான். பத்துப் பதினைந்து நாள் ஊருக்குப் போய்ச் செருப்போடு திரிந்தபோது நன்றாக ஆறி, திரும்பி வந்து அதே ஷூவை மாட்டிய ஓரிரு நாளில் பழையபடி வந்தால், ஷூதான் குற்றவாளி என்று நம்ப இடமுண்டு. பூஞ்சை காற்றோட்டத்தில் சற்று அடங்கும், ஆனால் உரிவது முழுதாக நிற்காது.

இந்த அடையாளங்களுக்கும் எல்லை உண்டு. நெடுநாள் பூஞ்சை இரண்டு உள்ளங்காலிலும் மாவு பூசியது போல உலர்ந்து பரவியிருக்கும். அதைப் பலர் வெறும் வறட்சி என்றே நினைப்பார்கள். எரித்ராஸ்மா என்ற பாக்டீரியா தொற்றும் அதே இடுக்கில்தான் வரும். பூஞ்சையும் கரப்பானும் ஒரே காலில் சேர்ந்தும் வரலாம். கண் சொல்வது சந்தேகத்தை மட்டுமே, தீர்ப்பை அல்ல.

சந்தேகத்தைத் தீர்க்கும் சோதனைகள்

பூஞ்சையைக் கண்டறியும் சோதனை எளிமையானது, செலவும் குறைவு. மருத்துவர் உரியும் தோலின் விளிம்பிலிருந்து கொஞ்சம் செதிலைச் சுரண்டி எடுப்பார். வலிக்காது. அதைக் கண்ணாடித் துண்டில் வைத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஒரு சொட்டு விட்டால், சிறிது நேரத்தில் தோல் செல்கள் கரைந்து பூஞ்சையின் கிளைத்த இழைகள் மட்டும் மைக்ராஸ்கோப்பில் தெரியும். சோதனைக்கு முன்பு சில நாட்களாகப் பூஞ்சை மருந்து தடவியிருந்தால் இழைகள் தெரியாமல் போகலாம். மிகவும் ஊறி நாறும் கட்டத்திலும் அப்படித்தான், ஏனென்றால் அப்போது பாக்டீரியாவின் கை ஓங்கியிருக்கும். அதனால் ஒருமுறை இல்லை என்று வந்தால் பூஞ்சையே இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. எரித்ராஸ்மாவாக இருந்தால் உட்ஸ் விளக்கு என்ற புறஊதா விளக்கொளியில் அந்த இடம் பவளச் சிவப்பாக ஒளிரும்.

ஷூ ஒவ்வாமைக்கு முதுகில் பேட்ச் சோதனை செய்வார்கள். குரோமியம், ரப்பர், பசை வகைப் பொருட்களைச் சிறு சிறு வில்லைகளில் வைத்து முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். ஒவ்வாமை தாமதமாக எழும் என்பதால் மூன்றாம் அல்லது நான்காம் நாளில் மறுபடி பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக் கூடாது. இந்தச் சோதனைக்குப் போகும்போது சந்தேகப்படும் ஷூவையும் எடுத்துப் போங்கள். அதன் உட்புறத்திலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி அதையும் சேர்த்துச் சோதிக்க முடியும்.

அந்த மூன்று மருந்து ட்யூப்

கடையில் கேட்டவுடன் கிடைக்கும் ட்யூப்களில் பல, ஒரு வீரியமான ஸ்டீராய்டு, ஒரு பூஞ்சை மருந்து, ஒரு பாக்டீரியா மருந்து மூன்றும் கலந்தவை. எந்த நோயாக இருந்தாலும் ஏதாவது ஒன்று வேலை செய்துவிடும் என்ற எண்ணத்தில் அதைத் தருகிறார்கள்.

முதலாமவர் அதைத் தடவினால் இரண்டு மூன்று நாளில் அரிப்பு அடங்கும். அடக்கியது ஸ்டீராய்டு. பூஞ்சையோடு போராடிக்கொண்டிருந்த தோலின் எதிர்ப்பை அது தணித்துவிட்டதால் அரிப்பு தெரியவில்லை. பூஞ்சையோ சத்தமில்லாமல் பரவும், அதன் வழக்கமான விளிம்பும் மங்கிப்போவதால் பிறகு மருத்துவருக்கே அடையாளம் காண்பது சிரமமாகும். ட்யூபை நிறுத்தியதும் முன்பைவிட அதிகமாகக் கிளம்பும். இந்தியாவில் படர்தாமரை இன்று எளிதில் ஆறாத நோயாக மாறியதற்கு இப்படிப்பட்ட கலவைகளின் கண்டபடியான பயன்பாடும் ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் தொடர்ந்து சொல்லி வருகிறார்கள்.

இரண்டாமவருக்கும் சில நாள் சுகம் கிடைக்கும். ஆனால் காரணமான ஷூ காலிலேயே இருப்பதால் நோய் போகாது. மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து எளிதில் கிழியும். ட்யூபில் நியோமைசின் இருந்தால் அந்த மருந்துக்கே புதிதாக ஒவ்வாமை வரவும் வாய்ப்புண்டு.

இருவருக்கும் வேறு வேறு வழி

முதலாமவருக்குத் தேவை ஸ்டீராய்டு கலக்காத பூஞ்சை மருந்து. டெர்பினாஃபின் 1 சதவீத க்ரீம் என்றால் விரலிடுக்குத் தொற்றுக்குப் பொதுவாக ஒன்று முதல் இரண்டு வாரம், குளோட்ரிமசோல் 1 சதவீதம் என்றால் தினம் இரண்டு வேளையாக நான்கு வாரம் வரை தடவ வேண்டியிருக்கும். அரிப்பு நின்றதும் நிறுத்துவதுதான் பலரும் செய்யும் பிழை. தெரியும் இடத்தில் மட்டுமல்லாமல் எல்லா இடுக்குகளிலும், சுற்றி இரண்டு சென்டிமீட்டர் தாண்டியும் தடவ வேண்டும். நான்கு வாரத்தில் அடங்கவில்லை என்றால் க்ரீமை மாற்றி மாற்றிப் பார்க்காமல் தோல் மருத்துவரிடம் போக வேண்டும். டெர்பினாஃபினுக்குக் கட்டுப்படாத பூஞ்சை வகைகள் இந்தியாவில் இப்போது காணப்படுகின்றன.

மருந்துக்கு இணையாக முக்கியமானது ஈரத்தை நீக்குவது. குளித்ததும் மெல்லிய துணியால் ஒவ்வொரு இடுக்கையும் ஒற்றித் துடைத்து, ஒரு நிமிடம் காற்றில் விட்டு, பிறகு க்ரீம் தடவலாம். அந்தத் துணியைத் தனியாக வைக்க வேண்டும். சாக்ஸை வேலைக்கு நடுவில் ஒருமுறை மாற்றுவது பெரிய உதவி. கழற்றிய சாக்ஸை 60 டிகிரிக்குக் குறையாத சூட்டுத் தண்ணீரில் துவைத்து நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும், சாதாரணத் தண்ணீரில் அலசினால் பூஞ்சை முழுதாகச் சாகாது. உடை மாற்றும்போது உள்ளாடைக்கு முன் சாக்ஸைப் போட்டுக்கொண்டால் காலில் உள்ள பூஞ்சை தொடை இடுக்குக்கு ஏறாது. இரண்டு ஜோடி ஷூ வைத்து மாற்றி மாற்றிப் போட்டால் ஒவ்வொன்றும் முழுதாக உலர ஒரு நாள் கிடைக்கும்.

இரண்டாமவருக்கு முதல் மருந்து அந்த ஷூவைக் கழற்றுவது. கசிவு இருக்கும்போது மருத்துவர் ஈரத்துணி ஒற்றடமும், குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் ஸ்டீராய்டு க்ரீமும் தருவார். இவருக்கு அது சரியான மருந்து, மேற்பார்வையில் போடும் வரை. காய்ந்து வெடித்த தோலுக்கு வாசலின் போன்ற களிம்பு போதும். பேட்ச் சோதனையில் குரோமியம் என்று தெரிந்தால் செயற்கைத் தோல் அல்லது துணி ஷூவுக்கு மாறலாம். தாவரப் பட்டையால் பதனிட்ட தோலும் பொருந்தும். தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையால் பதனிடுவது குரோமியத்துக்கு முந்தைய பழைய முறை. ரப்பர் அல்லது பசை என்று தெரிந்தால் அதற்கேற்ப வேறு ஷூ தேட வேண்டும். பாதுகாப்பு ஷூ கட்டாயமான வேலையில், சோதனை முடிவோடு மருத்துவரின் கடிதத்தைக் கொடுத்து, அதே பாதுகாப்பு உள்ள வேறு பொருளாலான ஷூ கேட்பது நியாயமான கோரிக்கை. பழைய ஷூவுக்குள் அணிந்த சாக்ஸிலும் அந்தப் பொருள் ஊறியிருக்கலாம், ஆகவே சாக்ஸையும் புதிதாக மாற்ற வேண்டும்.

தள்ளிப்போடக் கூடாதவர்கள்

விரலிடுக்கில் உள்ள சின்ன வெடிப்பு வழியாகப் பாக்டீரியா உள்ளே நுழைந்தால் கால் முழுதும் வீங்கிச் சிவக்கும் செல்லுலைட்டிஸ் வரலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு இது ஆபத்தானது, உணர்ச்சி குறைந்த பாதத்தில் வெடிப்பு இருப்பதே அவர்களுக்குத் தெரியாமல் போகும். யானைக்கால் வீக்கம் உள்ளவர்களுக்கு அடிக்கடி வரும் காய்ச்சலுக்கும் வீக்கத்துக்கும் இந்த வெடிப்புகளே பெரும்பாலும் வாசல். இவர்கள் தினமும் இடுக்குகளைப் பார்ப்பதும் உலர்த்துவதும் சிகிச்சையின் ஒரு பகுதி. பாதம் சூடாகி, சிவப்போ கருமையோ மேல்நோக்கிப் பரவி, காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்று இரவு ஷூவைக் கழற்றியதும் விரல்களைப் பிரித்துப் பாருங்கள். கடைக்குப் போனால் "கால்ல அரிப்பு" என்று மட்டும் சொல்லாமல், இடுக்கிலா, விரல் மேலா, ஒரு காலிலா, இரண்டிலுமா என்று சொல்லுங்கள். தரும் ட்யூபில் என்னென்ன மருந்து இருக்கிறது என்று கேளுங்கள். ஸ்டீராய்டு கலந்தது என்றால், மருத்துவர் எழுதித் தராமல் அதை வாங்காதீர்கள்.